நிமிர்த்தி வைக்கும் திரை: காசு கொடுக்குமுன் கடையிலேயே திருப்பிப் பாருங்கள்

கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவராக இருக்கலாம். உப்புவெளியில் வீட்டிலிருந்தபடி வர்த்தமானியும் சுற்றறிக்கையும் மொழிபெயர்ப்பவராக இருக்கலாம். நாள் முழுக்கத் திரையைக் கீழ்நோக்கித் தள்ளித் தள்ளி வாசிப்பவர்களுக்கு ஒரு யோசனை வராமல் போகாது: இந்த மொனிட்டரை நிமிர்த்தி, தாள் போல நெடுக்காக வைத்தால் என்ன?

நல்ல யோசனைதான். 1973இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய ஆல்டோ கணினிக்குத் தொடக்கத்திலேயே நெடுக்கான திரைதான் இருந்தது. தாளில் வாசிப்பதைத் திரையிலும் அதே வடிவில் வாசிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் இன்று கடைகளில் விற்கும் மொனிட்டர்கள் படம் பார்க்க ஏற்ற அகல வடிவில் செய்யப்பட்டவை. அவற்றுள் எது நிமிரும், நிமிர்ந்த பிறகும் எது கண்ணுக்கு ஒத்துவரும் என்பதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்க்காமல் வாங்கினால் பணம் போவதோடு கழுத்து வலியும் வந்து சேரும்.

உண்மையில் என்ன கிடைக்கிறது?

வழக்கமான 24 அங்குலத் திரை ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்ரிமீற்றர். திரையின் மேலும் கீழும் உள்ள பட்டிகள் சில சென்ரிமீற்றரைப் பிடித்துக்கொள்வதால், முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் அதை உண்மை அளவைவிடச் சிறிதாக்க வேண்டும். சிறிய எழுத்தில் அச்சான வர்த்தமானியில் புள்ளியும் சுழியும் அப்போது ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

அதே திரையை நிமிர்த்தினால் அகலம் 30, உயரம் 53. ஏ4 பக்கத்தை அதன் அளவைப்போல ஒன்றே கால் மடங்குக்கு மேல் பெரிதாக்கியும் முழுதாகப் பார்க்கலாம். நிரல் எழுதுபவருக்கு ஒரே நேரத்தில் தெரியும் வரிகள் ஏறத்தாழ இரு மடங்காகும். அதற்கு ஈடாக அகலம் குறைகிறது. கோப்புப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நீண்ட வரிகளில் எழுதிப் பழகியவருக்கு வரிகள் மடிந்து மடிந்து விழும். அகலமான அட்டவணைகளோடு வேலை செய்பவருக்கு இந்த நிலை உதவாது.

கடையில் நடப்பது

உப்புவெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் நகரத்துக்குப் போய் மொனிட்டர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "திரும்புற மாதிரி ஒண்டு வேணும், தம்பி" என்கிறார். "ஓம் அக்கா, இது நல்லாத் திரும்பும்" என்று பதில் வருகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் திரை இடமும் வலமும் முகம் திருப்புகிறது, நிமிரவில்லை. விற்றவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் சொன்ன திரும்பல் வேறு, இவர் கேட்டது வேறு.

மொனிட்டரின் தாங்கிக்கு நான்கு வகை அசைவுகள் உண்டு: உயர்த்தித் தாழ்த்துவது, முன்பின் சாய்ப்பது, இடவலமாகத் திருப்புவது, 90 பாகை சுழற்றி நிமிர்த்துவது. பெட்டியில் முதல் மூன்றும் முறையே Height, Tilt, Swivel என்று இருக்கும். நமக்கு வேண்டிய நான்காவது Pivot. அந்தச் சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் காசு கொடுக்குமுன் கடையிலேயே சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் தாங்கியை முழு உயரத்துக்கு இழுத்து, திரையின் மேற்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்து, விளிம்பைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். உயர்த்தாமல் சுழற்றினால் திரையின் மூலை மேசையில் இடிக்கும். சில தாங்கிகள் ஒரு பக்கமாக மட்டுமே சுழலும். மறுபக்கம் நெருக்கினால் உடையும்.

தாங்கி நிமிராவிட்டாலும் வழி உண்டு. திரையின் பின்புறத்தில் 75 அல்லது 100 மில்லிமீற்றர் இடைவெளியில் சதுரமாக நான்கு திருகாணித் துளைகள் இருந்தால், மேசை விளிம்பில் பூட்டும் கைத்தாங்கியை வாங்கி அதில் நிமிர்த்தி வைக்கலாம். அந்தக் கைத்தாங்கி திரையின் எடையைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். துளையும் இல்லையென்றால் அந்த மொனிட்டரை விட்டுவிடுங்கள். தாங்கியைக் கழற்றிவிட்டுத் திரையைச் சுவரில் சரித்து நிறுத்துவோர் உண்டு. அது சறுக்கி விழலாம். காற்றுத் துளை அடைபடலாம். வடம் செருகும் இடம் எடையில் நெரிந்து தளரலாம்.

அடுத்த சோதனைக்கு அரை நிமிடம் போதும். திரை வழக்கமான கிடை நிலையில் இருக்கும்போது குனிந்து கீழிருந்து மேலே பாருங்கள். படம் இருண்டு நிறங்கள் தலைகீழானால் அது டீ.என். வகைத் திரை. மலிவான மொனிட்டர்களிலும் பாவித்த மொனிட்டர்களிலும் இந்த வகை நிறைய வரும். கிடையில் கீழிருந்து தெரியும் அந்தக் குறை, நிமிர்த்தியபின் பக்கவாட்டில் வந்து நிற்கும். ஒரு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மறு கண்ணுக்குத் தெரியாது. தலையைச் சற்று அசைத்தாலும் பக்கத்தின் நிறம் மாறும். மணிக்கணக்கில் வாசித்தால் கண் களைத்துப்போகும். இதற்கு மென்பொருளில் மருந்தில்லை. நிமிர்த்தி வைக்க ஐ.பி.எஸ். வகைத் திரையே ஏற்றது.

சட்டம் தரும் பிடிமானம்

இலங்கையில் இன்றும் நடைமுறையில் உள்ள 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவருக்குச் சாதகமான ஒரு விதியைக் கொண்டது. எந்தக் குறிப்பிட்ட தேவைக்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவு பொருந்த வேண்டும். ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. வர்த்தகப் பெயரைக் குறிப்பிட்டு இந்தப் பொருள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. இன்ன கம்பனியின் இன்ன மாதிரி என்று மட்டும் கேட்டு வாங்கி வருபவர் தன் உரிமையைத் தானே தளர்த்திக்கொள்கிறார்.

ஆகவே தேவையை வாயால் சொல்லுங்கள். பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். "ஆவணம் வாசிக்க நிமிர்த்தி வைப்பதற்கு, 90 பாகை சுழலும் தாங்கியுடன்" என்ற ஒரு வரி போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பொருளைப் பற்றி வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை 30ஆம் பிரிவும், பொய்யான விவரம் கூறுவதை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன.

வீட்டுக்கு வந்தபின் குறை தெரிந்தால் முதலில் கடைக்காரரிடம் போங்கள். பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போக வேண்டும்; கடைக்காரர் இன்று வா, நாளை வா என்று இழுக்கும்போது இந்தக் காலம் கரைந்துவிடக் கூடாது. பற்றுச்சீட்டின் பிரதி, பெட்டியின் ஒளிப்படம், திரை சுழலாததைக் காட்டும் ஒளிப்படம் ஆகியவற்றை இணையுங்கள். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவரவில்லை என்று விசாரணையில் தெரிந்தால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ சபை உத்தரவிடலாம். வழி தெரியாதவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

வீட்டில் நிமிர்த்தியபின்

விண்டோஸ் கணினியில் Settings, System, Display என்று போய் Display orientation என்பதில் Portrait தெரிவு செய்யுங்கள். படம் தலைகீழாக வந்தால் Portrait (flipped) சரியாக இருக்கும். Keep changes அழுத்தாவிட்டால் சில விநாடிகளில் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும் என்பதால் பயப்படத் தேவையில்லை. எக்ஸ்11 முறையில் இயங்கும் லினக்ஸில் முதலில் `xrandr` என்று மட்டும் கொடுத்து இணைப்பின் பெயரை அறிந்து, அந்தப் பெயரை இப்படி இடலாம்:

```
xrandr --output HDMI-1 --rotate left
```

நிமிர்த்தியதும் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய சிவப்போ நீலமோ தெரியலாம், அல்லது எழுத்து மங்கலாம். திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பட்டைகள் அருகருகே இருப்பதால் ஆனது. எழுத்தின் ஓரத்தைக் கூராக்க விண்டோஸ் அந்தப் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குகிறது. திரையை நிமிர்த்தும்போது பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகிவிடுவதால் அந்தக் கணக்குப் பிசகுகிறது. தமிழில் இது புள்ளிகளிலும் சுழிகளிலும் முதலில் தெரியும். தேடல் பெட்டியில் ClearType என்று எழுதி, வரும் பெட்டியில் அதை அணைத்தும் இயக்கியும் பாருங்கள். எது தெளிவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினாலும் குறை வெகுவாக மறையும்.

கழுத்துக்கு வரும் கேட்டை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். நடுத்தர உயரமுள்ளவர் கதிரையில் அமர்ந்தால் அவர் கண் மேசைக்கு மேலே ஏறத்தாழ 45 சென்ரிமீற்றரில் இருக்கும். நிமிர்ந்த 24 அங்குலத் திரை, மேசையை ஒட்டி வைத்தாலும், 55 சென்ரிமீற்றரைத் தாண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ சற்றுக் கீழாகவோ இருப்பதே நல்லது. இங்கே அது அரைச் சாணுக்குக் கிட்ட மேலே போய்விடுகிறது. மேல் வரிகளை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் நாடி உயர்ந்து பிடரி மடங்கும். ஒரே கண்ணாடியில் தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்புத் துன்பம். வாசிக்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருப்பதால் அவர்கள் முகத்தை இன்னும் உயர்த்த வேண்டியிருக்கும்.

வீட்டில் யாரையாவது, நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஓர் ஒளிப்படம் எடுக்கச் சொல்லுங்கள். நாடி உயர்ந்திருந்தால் திரை உங்களுக்கு உயரம். சுழற்றி முடித்ததும் தாங்கியை மேசை தட்டும் வரை இறக்கிவிடுங்கள். பலர் சுழற்றுவதற்காக உயர்த்தியதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். திரையை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி, மேற்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். வாசிக்கும் பக்கத்தைத் திரையின் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்குள் வைத்து, எப்போதாவது பார்க்கும் சாளரங்களை மேலே ஒதுக்குங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய்ச் சொன்னால், அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி எழுதித் தருவார்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறவர்கள், நிமிர்த்தி வைப்பதற்கு 27 அங்குலத்தைவிட 22 அங்குலமே மேல் என்பதை நினைவில் வையுங்கள். 27 அங்குலத் திரை நிமிர்ந்தால் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரம். 22 அங்குலம் 48 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும், ஒரு பக்கம் முழுதாகத் தெரிய அது போதும். விலையும் குறைவு.