இரண்டுக்கு ஒன்று இருந்தும் கையில் காசில்லை: ஒரு நெல் ஆலையின் ஐந்தொகை

முகாமைத்துவப் பரீட்சையில் விகிதப் பகுப்பாய்வு வினா வந்தால் பல மாணவர்கள் மகிழ்ச்சியடைவார்கள். சூத்திரம் தெரியும், பிரித்தால் விடை வரும். ஆனால் "இந்நிறுவனத்தின் திரவத்தன்மை பற்றிக் கருத்துத் தெரிவிக்குக" என்ற கடைசிப் பகுதியில்தான் பலர் புள்ளிகளை இழக்கிறார்கள். எங்கள் வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு விளங்கக்கூடிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். படுவான்கரையில் ஒரு நெல் ஆலை இருப்பதாக வைத்துக்கொண்டு இலக்கங்களை நானே அமைத்திருக்கிறேன். நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது.

ஐந்தொகையின்படி (இப்போது இதை நிதிநிலைமைக் கூற்று என்கிறார்கள்) ஆலையிடம் 45 இலட்சம் ரூபாய் பெறுமதியான நெல்லும் அரிசியும் இருக்கின்றன. கடனுக்கு அரிசி வாங்கிய கடைக்காரர்கள் 12 இலட்சம் தரவேண்டும். காசும் வங்கி மீதியும் 3 இலட்சம். ஆக, நடைமுறைச் சொத்துகள் 60 இலட்சம். மறுபக்கத்தில், நெல் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயிகளுக்கு 18 இலட்சமும் வங்கி மேலதிகப்பற்று 12 இலட்சமும் உண்டு. நடைமுறைப் பொறுப்புகள் 30 இலட்சம்.

நடைமுறை விகிதம் = நடைமுறைச் சொத்துகள் ÷ நடைமுறைப் பொறுப்புகள் = 60 ÷ 30 = 2:1

பரீட்சைக்குப் படிக்கும் என் மருமகளிடம் இதைக் கொடுத்தேன். "மாமா, இரண்டுக்கு ஒன்று வந்திட்டுது. நல்லம் எண்டு எழுதட்டா?" என்று கேட்டாள். பாடப்புத்தகங்கள் பொதுவான அளவுகோலாகச் சொல்வதும் 2:1 தான். அடுத்த விகிதத்தையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

விரைவு விகிதம் = (நடைமுறைச் சொத்துகள் − இருப்பு) ÷ நடைமுறைப் பொறுப்புகள் = (60 − 45) ÷ 30 = 0.5:1

இதற்குப் பொதுவான அளவுகோல் 1:1. ஆலையிடம் அதில் பாதிதான் இருக்கிறது. கடைக்காரர்கள் எல்லோரும் நாளைக்கே காசைக் கட்டினாலும் கையில் சேர்வது 15 இலட்சம். வங்கிக்கு ஒரு சதமும் கொடுக்காவிட்டால்கூட, விவசாயிகளின் 18 இலட்சத்தைத் தீர்க்க 3 இலட்சம் குறைகிறது. ஆலையின் சொத்து மூட்டைகளாக அடுக்கிக் கிடக்கிறது. அதைக் குற்றி, விற்று, காசு வந்து சேரும்வரை விவசாயி காத்திருக்க வேண்டும்.

ஆனால் இதை வைத்து "ஆலை விழப்போகிறது" என்று எழுதுவதும் அவசரம்தான். ஐந்தொகை ஒரு நாளின் படம். மார்ச் 31 என்பது பெரும்போக அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரம். அதே ஆலையை ஜூலை முடிவில், சிறுபோக நெல் வருமுன் பார்த்தால், இருப்பு 10 இலட்சமாகக் குறைந்து, வரவேண்டிய கடன் 20 இலட்சமாகவும் காசு 7 இலட்சமாகவும் இருக்கலாம். விவசாயிகளின் கடன் 3 இலட்சமாக இறங்கினால், மேலதிகப்பற்றோடு பொறுப்பு 15 இலட்சம். அப்போது விரைவு விகிதம் 27 ÷ 15 = 1.8:1. ஆலை மாறவில்லை, திகதிதான் மாறியது. பருவத்தை நம்பிய தொழில் என்றால், ஐந்தொகை எந்தத் திகதிக்குரியது என்பதை முதலில் பாருங்கள்.

இலாபத்தன்மைக்கு வருவோம். இங்கே ஐந்தொகை மட்டும் போதாது, வருமானக் கூற்றும் வேண்டும். வருட விற்பனை 120 இலட்சம், விற்பனைக் கிரயம் 96 இலட்சம். மொத்த இலாபம் 24 இலட்சம், அதாவது விற்பனையில் 20 சதவீதம். செலவுகள் 10.8 இலட்சம் போக, வட்டிக்கு முந்திய இலாபம் 13.2 இலட்சம். வட்டி 6 இலட்சத்தைக் கழித்தால் தேறிய இலாபம் 7.2 இலட்சம், 6 சதவீதம். 20 எப்படி 6 ஆனது என்பதை விளக்கினால்தான் அது கருத்து. வட்டி மட்டும் விற்பனையில் 5 சதவீதத்தை எடுத்துவிடுகிறது.

உரிமையாளரின் மூலதனம் 70 இலட்சம், நீண்டகாலக் கடன் 40 இலட்சம். ஈடுபடுத்திய மூலதனம் மீதான வருவாய் 13.2 ÷ 110 = 12 சதவீதம். இந்த ஆலை 14 சதவீத வட்டிக்குப் புதுக் கடன் எடுத்து, அதிலும் இதே 12 சதவீதத்தை உழைத்தால், கடனாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் வருடத்துக்கு 2 ரூபாய் உரிமையாளரின் பையிலிருந்து போகும்.

மருமகள் கடைசியில் எழுதிய விடை இதுதான்: "நிறுவனம் இலாபம் உழைக்கிறது. ஆயினும் மார்ச் 31 இல் அதன் திரவத்தன்மை இருப்பில் முடங்கியுள்ளது. உடனடிக் கடன்களைத் தீர்க்கும் ஆற்றல், இருப்பை விற்கும் வேகத்தில் தங்கியுள்ளது." அடுத்த போகத்தில் கடனுக்கு நெல் கொடுக்கலாமா என்று யோசிக்கும் விவசாயிக்கும் தேவையான விடை அதுதான். இலாபம் வரும் ஆலையா என்பதோடு, தன் காசு எப்போது வரும் என்பதையும் அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.