நாலு மணி டூட்டி

மாலை நாலு மணி ஆனால் பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். டிப்போவுக்குப் போக வேண்டுமாம். வயது எழுபத்தாறு, அரசுப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடமாகிறது. "ரிட்டையர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சுப்பா" என்று மகள் சொல்லச் சொல்லக் கோபம் ஏறும். இருட்டும்வரை தினமும் ஒரே போராட்டம். அல்சைமர் நோயாளிகள் உள்ள பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரே வீடாக்கிச் சொல்லும் கதை இது.

அல்சைமரில் இன்று காலை நடந்ததைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதிதான் முதலில் பழுதாகிறது. நெடுநாள் கைப்பழக்கங்களைக் காக்கும் பகுதி அதைவிட அதிக காலம் தாங்கும். அதனால் கிழமையையும் தேதியையும் சொல்லித் திருத்துவதில் பயனில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அதே வரிசையில் வரும் வேலைகளை உடம்பு பிடித்துக்கொள்கிறது. மணி சரியாக இருப்பதைவிட இந்த வரிசை மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

அட்டவணை போடுமுன் மகள் ஒரு வாரம் குறிப்பு எழுதினார்: எப்போது தூங்கினார், எப்போது சாப்பிட்டார், எப்போது பதறினார், அதற்கு முன் என்ன நடந்தது. நாலு மணிக்கான காரணம் அதில்தான் தெரிந்தது. பெரியவர் மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை தூங்கி, எங்கே இருக்கிறோம் என்றே புரியாமல் விழிக்கிறார். ஐந்து மணிவரை டீ கிடையாது. வீட்டுக்குள் வெளிச்சம் மங்குகிறது, டி.வி.யில் சீரியல் அலறுகிறது. போதாததற்கு, அது அவர் வேலைக்காலத்தில் மாலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம்!

மகள் மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள். பகல் தூக்கம் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாலு மணிக்கு முன்பே டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும். பிறகு தெருமுனைவரை நடை. கிளம்பத் துடிக்கும் கால்களுக்கு அதுவே டூட்டி. திரும்பும்போது வீட்டில் விளக்குகள் எல்லாம் எரியும், டி.வி. அணைந்திருக்கும். மேசையில் ஒரு டப்பா நிறையச் சில்லறை. ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து எனப் பிரித்து அடுக்குவார். எண்ணிக்கை தப்பினால் யாரும் திருத்துவதில்லை. "டிப்போ" என்று ஆரம்பித்தால், "எந்த ரூட்டுப்பா இன்னைக்கு?" என்று மகள் கேட்பார், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

குளியலையும் இடம் மாற்றினார்கள். விடிகாலையில் உடம்பு விறைத்திருக்க, தண்ணீரைக் கண்டாலே எதிர்ப்பார். இப்போது டிபன் முடிந்து பத்து மணிக்குத்தான் குளியல். துண்டு, சட்டை, வேட்டி போடும் வரிசையிலேயே எடுத்துவைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்கிறார்கள். கழிப்பறைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்துப் போவதும் வரிசையில் உண்டு.

பெரும்பாலான வீடுகளில் அட்டவணை இங்கேயே முடிந்துவிடுகிறது. பார்த்துக்கொள்பவருக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்களுக்காக 2019இல் வெளியிட்ட கையேட்டில் அன்றாடப் பராமரிப்புப் பாடத்துக்கு முன்னதாகவே 'என்னைக் கவனித்துக்கொள்வது' என்ற பகுதி வருகிறது. அது சரியான வரிசைதான்.

இந்த வீட்டில் இரண்டு இடைவேளைகள். குளித்து முடித்த பெரியவர் பழைய பாட்டு கேட்டபடி அமைதியாக இருக்கும் பதினொரு மணிக்கு முக்கால் மணி நேரம் மருமகன் உடனிருப்பார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். மகள் அந்த நேரத்தில் சமைக்கவோ துணி மடிக்கவோ கூடாது என்பது உடன்பாடு. முதலில் மீறினார், பிறகு மொட்டைமாடிக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். இன்னொன்று, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை. அண்ணன் பார்த்துக்கொள்வார், மகள் வெளியே போய்விடுவார்.

அந்த ஞாயிறு முதலில் சரிப்படவில்லை. அண்ணன் வந்ததும் தங்கை கிளம்ப, பெரியவர் அவளைத் தேடித் தெருவுக்கே வந்துவிட்டார். அடுத்த மூன்று ஞாயிறும் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். தங்கை செய்வதை அண்ணன் பார்த்துப் பழகினார். குளியலுக்கு எந்த வாளி, டீக்கு எந்த டம்ளர், எந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று ஒரே தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டினார்கள். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தாலும் இதே முறைதான். ஆனால் வாரம் ஒரு முகம் மாறினால் எந்தத் தாளும் உதவாது.

அட்டவணை நோயைக் குணப்படுத்தாது. சில மாதங்களில் சில்லறை பிரிப்பது கைவராமல் போகலாம். அப்போது துண்டு மடிப்பது போல இன்னும் எளிய வேலைக்கு இறங்க வேண்டும். அந்தச் சரிவு மெதுவாக வரும். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினாலோ, பகலெல்லாம் மயங்கிக் கிடந்தாலோ, வரிசையைக் குறை சொல்லிக்கொண்டிராமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல் போன்றவை இப்படிக் காட்டும். சளிக்குக் கடையில் வாங்கிய சில மாத்திரைகள்கூடக் குழப்பத்தைக் கூட்டும். அதனால் புதிதாகக் கொடுத்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.