‘பிறந்தவர்’ ஆணா, பெண்ணா?

பெயரெச்சம் நடத்தும்போது ‘வந்த மாணவன், வந்த மாணவி, வந்த பேருந்து’ என்று கரும்பலகையில் எழுதுவோம். மூன்றிலும் ‘வந்த’ மாறுவதில்லை. பாலைக் காட்டும் வேலையைப் பெயரும் வினைமுற்றும் பார்த்துக்கொள்கின்றன. விடுமுறை நாள்களில் புதுச்சேரிக்குச் சென்று பிரெஞ்சு படித்தபோதுதான், அந்த மொழியில் ‘வந்த’ போன்ற சொல்லே பாலுக்கேற்ப மாறும் என்று அறிந்தேன். ‘சிறிய’, ‘களைத்த’, ‘பிறந்த’ ஆகிய எல்லாமே அங்கு ஆண்பால் வடிவம், பெண்பால் வடிவம் என இரண்டு உடையவை. தமிழாக்கம் செய்யும்போது இந்தச் செய்தி எங்கே போகிறது? ஒரே ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம்.

புதுச்சேரியும் காரைக்காலும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அங்குள்ள பழைய குடும்பக் காகிதங்கள் சில பிரெஞ்சில் இருக்கும். அவற்றில் அடிக்கடி வரும் சொல் ‘நே’; ‘பிறந்த’ என்று பொருள். ஆணைக் குறித்தால் இதற்கு இரண்டு எழுத்து, பெண்ணைக் குறித்தால் மூன்று. கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. எனவே காதால் கேட்டு வேறுபாடு அறிய முடியாது, கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். ‘இறந்த’ என்னும் சொல் அப்படியல்ல: ஆணுக்கு ‘மோர்’, பெண்ணுக்கு ‘மோர்த்’ என்று ஒலியே மாறும்.

ஒரு குறிப்பில் ‘ஜோதி, நே, காரைக்கால், 1931’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ஜோதி, 1931இல் காரைக்காலில் பிறந்தவர்’ என்று தமிழாக்கினால் பிழை எதுவும் தெரியாது. ஆனால் ஜோதி என்ற பெயர் நம்மிடம் இருபாலருக்கும் உண்டு. மூலத்தில் மூன்றாவது எழுத்து இருந்திருந்தால், அவர் பெண் என்பதற்கு அதுவே ஒரே சான்று. ‘பிறந்தவர்’ என்ற மரியாதை வடிவம் அந்தச் சான்றை அழித்துவிடுகிறது. தமிழாக்கத்தை மட்டும் படிக்கும் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியின் அக்காவைத் தாத்தாவாக எண்ணிவிடலாம்.

‘பிறந்தவள்’ என்று எழுதலாமா? இலக்கணப்படி சரி, ஆனால் மூத்தவரை அப்படிக் குறிப்பது நம் வழக்கமில்லை. எனவே பாலை வினையிலிருந்து எடுத்துப் பெயரின் பக்கம் வைக்க வேண்டும். ஆவணமென்றால் ‘ஜோதி (பெண்), 1931இல் காரைக்காலில் பிறந்தவர்’ என்பது போதும். கதையென்றால் ‘ஜோதி அம்மாள்’ எனலாம். ‘மகள்’, ‘அக்காள்’ போன்ற உறவுச்சொற்களை, மூலத்தில் அந்த உறவு தெரிந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். அந்த மூன்றாவது எழுத்து பாலைச் சொல்கிறதே தவிர, உறவைச் சொல்வதில்லை.

தன்மை இடத்தில் சிக்கல் இன்னும் கூடும். ஒரு பெண் கடிதத்தில் ‘நான் களைத்துவிட்டேன்’ என்று பிரெஞ்சில் எழுதினால், ‘களைத்த’ என்னும் சொல்லின் ஈற்றிலேயே எழுதியவர் பெண் என்று தெரிந்துவிடும். தமிழில் ‘களைத்துவிட்டேன்’ இருபாலருக்கும் பொது. ‘பெண்ணாகிய நான் களைத்துவிட்டேன்’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். கடிதம் முழுவதையும் பார்த்து, இயல்பாகப் பொருந்தும் ஓரிடத்தில் ஒருமுறை காட்டினால் போதும். எழுதியவர் யாருக்கு எழுதுகிறார் என்பது தெரிந்தால், முடிவில் வரும் ‘தங்கள் தோழி’ போன்ற சொல்லே அதைச் செய்துவிடும்.

எல்லா இடத்திலும் பாலைக் காட்டத் தேவையில்லை. பிரெஞ்சில் மேசை பெண்பால். ஆகவே ‘உடைந்த’ என்பதும் பெண்பால் ஈறு பெறும். நமக்கு மேசை அஃறிணை. ‘உடைந்த மேசை’ என்று எழுதினால் எதுவும் குறையாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சொல் சார்ந்த பெயர் உயர்திணையா, அஃறிணையா என்பதே.

உயர்திணையிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பத்துப் பெண்களோடு ஓர் ஆண் வந்தாலும் பிரெஞ்சில் ஆண்பால் பன்மைதான். அதைப் பார்த்து ‘மாணவர்கள்’ எனலாம். எல்லாரும் ஆண்கள் என்று முடிவு செய்யக் கூடாது. அடுத்து, ‘விக்தீம்’ (பாதிக்கப்பட்டவர்) என்ற சொல் ஆணைக் குறித்தாலும் இலக்கணத்தில் பெண்பால். விபத்துச் செய்தியில் அச்சொல்லோடு ‘மோர்த்’ வந்தால் உடனே ‘இறந்த பெண்’ என்று எழுதிவிடக் கூடாது. பெயரோ, ‘திரு’ என்னும் பொருளுடைய ‘முசியே’வோ அருகில் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் ‘இறந்தவர்’ என்பதே சரி.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. தமிழாக்கத்தை மட்டும் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, ‘இவர் ஆணா, பெண்ணா?’ என்று கேளுங்கள். மூலம் சொல்லியிருந்தும் அவரால் சொல்ல முடியாவிட்டால், ஓர் எழுத்து நம் கையில் தொலைந்திருக்கிறது. மூலம் சொல்லாத ஒன்றை அவர் உறுதியாகச் சொன்னால், அதை நாமே சேர்த்திருக்கிறோம்.