காய்ச்சல் விட்ட நாளில் கவனம்

மொன்றியலில் டெங்கு பரவுவதில்லை. பியர்பொன்ட்ஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு அது விமானத்தில்தான் வந்து சேர்கிறது. ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் ஊருக்குப் புறப்படுகிறோம். கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் டெங்கு கூடும் காலமும் அதுதான். நத்தார் விடுமுறைக்குப் போனால் யாழ்ப்பாணத்தில் மாரிமழை, அதோடு நுளம்பு. இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான 2017இலும் உச்சம் ஜூலையில்தான் வந்தது.

நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில், சிலவேளை இரண்டு வாரத்தில், காய்ச்சல் தொடங்கும். அதற்குள் பெட்டிகளைப் பிரித்து அடுக்கி, வேலைக்கும் திரும்பியிருப்போம். காய்ச்சலையும் பயணத்தையும் சேர்த்து யோசிக்கத் தோன்றாது.

ஐந்து வயது, 18 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு வந்திறங்கிய பிள்ளைக்குப் புதன் மாலை 39.5 பாகை காய்ச்சல். தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோவு, முகம் சிவப்பு. வீட்டில் அட்வில் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது. ஐபுபுரோஃபெனும் அஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிற்றமோல், அதாவது இங்குள்ள டைலனோல் அல்லது டெம்ப்ரா மட்டும் போதும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் இந்தப் பிள்ளைக்கு ஒருமுறைக்கு 180 முதல் 270 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். அதற்கும் காய்ச்சல் முழுதாக இறங்காவிட்டால் கூட்டிக் கொடுக்கக்கூடாது. டெங்குக் காய்ச்சல் அப்படித்தான் அடம்பிடிக்கும்.

ஞாயிறு காலை 37.4. மருந்தில்லாமலே இறங்கியிருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு எழும். கவனம் வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், அது விடும் தறுவாயில், சில பிள்ளைகளுக்கு மெல்லிய இரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் கசிகிறது. 24 முதல் 48 மணி நேரம் இது நீடிக்கும். குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது. இரத்தப் பரிசோதனையில் 36 ஆக இருந்த ஹீமட்டோகிரிட் 44க்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று பொருள், கசிவு நடக்கிறது. நம்மவர்கள் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பதறி, பப்பாசி இலைச் சாறு தேடுகிறார்கள். அந்த நேரத்தில் வைத்தியர் கூர்ந்து பார்ப்பது ஹீமட்டோகிரிட்டை.

நம் பிள்ளைக்கு ஞாயிறு மதியம் வயிறு விடாமல் நோகிறது. மூன்றுமுறை சத்தி. காலை ஆறு மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. கை கால் குளிர்ந்து ஈரமாக இருக்கிறது. எதிலும் நாட்டமில்லாமல் சோர்கிறது, அல்லது காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் ஒன்று வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முரசு, மூக்கில் இரத்தம், கறுத்த மலம், மூச்சுத் திணறல் ஆகியவையும் அப்படியே. பிள்ளை மயங்கினாலோ மூச்சுக்குத் தவித்தாலோ காரைத் தேடாமல் 911ஐ அழையுங்கள்.

பிள்ளை கதைக்கிறதே, கேட்டதற்குப் பதில் சொல்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. டெங்கு அதிர்ச்சிநிலையில் பிள்ளை கடைசிவரை தெளிவாக இருக்கலாம். இரத்த அழுத்தமும் ஏமாற்றும். மேலெண் 95இலேயே நிற்க, கீழெண் 60இலிருந்து 78க்கு ஏறும். இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அது அதிர்ச்சிநிலை. மேலெண் விழும்வரை காத்திருந்தால் பிந்திவிடும்.

கைக்குழந்தைகளின் கதை வேறு. தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தால் அவளுடைய எதிர்ப்புப்பொருள் பிள்ளைக்கும் வந்திருக்கும். முதல் மாதங்களில் அது காக்கும். ஆறு மாதம் தாண்டி அது மெலியும்போது, மிஞ்சியிருப்பதே வைரசு உயிரணுவுக்குள் நுழைய உதவிவிடும். அதனால் முதல் தொற்றே கடுமையாகலாம். இங்கே பிறந்த எட்டு மாதக் குழந்தையை அம்மம்மாவுக்குக் காட்டக் கூட்டிப்போகிறவர்கள் பகலிலும் நுளம்புவலை கட்ட வேண்டும். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்.

பியர்பொன்ட்ஸிலிருந்து பக்கத்தில் இருப்பது பாயின்ற் கிளேர் லேக்‌ஷோர் ஆஸ்பத்திரி. பிள்ளைகளுக்கென்றே உள்ளது மொன்றியல் சிறுவர் ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் முதலில் விசாரிக்கும் தாதியிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால், இப்போது சூடில்லாத பிள்ளை வரிசையின் பின்னால் போய்விடும். இப்படிச் சொல்லுங்கள்: "போன ஞாயிறு இலங்கையிலிருந்து வந்தோம். புதன் மாலை காய்ச்சல் தொடங்கியது, இன்று காலை விட்டது. மதியத்திலிருந்து வயிற்றுநோ, மூன்றுமுறை சத்தி, காலை ஆறுக்குப் பிறகு சிறுநீர் இல்லை. டெங்குவாக இருக்கலாம்." இந்தியாவுக்குப் போய் வந்திருந்தால் மலேரியாவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.