கோடிங் வகுப்பில் இடம் கேட்கும் கடிதம்

வேறு வேலையில் இருப்பவர்கள் மென்பொருள் துறைக்கு மாறுவதற்காகச் சேரும் கோடிங் வகுப்புகள் சிலவற்றில் இடங்கள் குறைவு. அங்கே விண்ணப்பத்துடன், சேர விரும்பும் காரணத்தை ஒரு பக்க அளவில் எழுதித் தரச் சொல்வார்கள். அதைப் படிக்கும் தேர்வுக் குழுவுக்கு உள்ள பெரிய கவலை, சேர்ந்தவர் பாதியில் நின்றுவிடுவாரோ என்பதுதான். வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்து ஒருவர் விலகினால், பாடம் வெகுதூரம் போயிருக்கும். காத்திருப்போர் பட்டியலிலிருந்து வேறொருவரை அந்த இடத்தில் சேர்ப்பது கடினம். ஆகவே கடிதத்தில் ஆர்வத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்கு ஆதாரமும் வேண்டும்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். “சிறு வயதிலிருந்தே கணினி மீது ஆர்வம்” என்று அவர் தொடங்கினால், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரியாக அது நின்றுவிடும். அன்றாட வேலையிலிருந்து தொடங்குவது நல்லது. வாங்குபவர் அனுப்பும் ஆர்டர் பட்டியலையும் பேக்கிங் பட்டியலையும் நிறம், சைஸ் வாரியாக எக்செலில் ஒப்பிட அவருக்கு அரைநாள் ஆகிறது. அதைச் செய்ய அவரே பைத்தான் கற்று ஒரு சிறிய நிரல் எழுதினார். முதலில் எந்த ஆர்டரும் பொருந்தவில்லை. ஒரு கோப்பில் ஆர்டர் எண் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிவாகியிருந்ததே காரணம். இரண்டையும் எழுத்தாக மாற்றியதும் வித்தியாசங்கள் மட்டும் தனியாக வந்தன. பிழையைத் தேடிக் கண்டுபிடித்த இந்த விவரம், அவர் உண்மையிலேயே கோட் எழுதியிருக்கிறார் என்பதைக் காட்டிவிடும்.

அடுத்து, அவர் எங்கே நின்றுவிட்டார் என்பது வரவேண்டும். ஒவ்வொரு வாங்குபவரும் ஒவ்வொரு வடிவத்தில் பட்டியல் அனுப்புவதால் நிரல் சிக்கலாகிவிட்டது. தரவுத்தளம் அமைக்கவும், ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடாமல் சோதிக்கவும் அவருக்குத் தெரியவில்லை. பாடத்திட்டத்தில் இவை எந்தப் பகுதியில் வருகின்றன என்று குறிப்பிட்டால், ஏன் இந்த வகுப்பு என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். வகுப்பின் பெயரை மாற்றினாலும் அப்படியே பொருந்தும் கடிதத்தில் இந்தப் பகுதி இல்லை என்று பொருள்.

கடைசிப் பத்தி நடைமுறைக்கு உரியது. வேலையை விடுகிறாரா, விடுப்பு எடுக்கிறாரா, வகுப்பு முடியும்வரை வீட்டுச் செலவுக்கு என்ன ஏற்பாடு, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பவற்றை இரண்டு மூன்று வரியில் சொன்னால் போதும். குடும்பக் கஷ்டத்தை விவரிப்பதோ இப்போதைய முதலாளியைக் குறை சொல்வதோ தேர்வுக் குழுவின் சந்தேகத்தைத் தீர்க்காது.

நல்ல கடிதத்தாலும் இடம் உறுதியாகிவிடாது. பெரும்பாலும் அதற்குப் பிறகு தேர்வோ நேர்காணலோ இருக்கும். நேர்காணலில் அந்த நிரலைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு வரியை ஏன் அப்படி எழுதினார் என்று கேட்கலாம். அதனால் விளக்கிச் சொல்ல முடியாத எதையும் கடிதத்தில் எழுதக் கூடாது.