கேமரா எப்போதும் வலக்கைப் பக்கம்

திருடன் பைக்கில் பறக்கிறான். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் துரத்துகிறார். முதல் ஷாட்டில் பைக் திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் பாய்கிறது. அடுத்த ஷாட்டில் ஜீப் வலமிருந்து இடமாக வருகிறது. படப்பிடிப்பில் இரண்டும் ஒரே சாலையில் ஒரே திசையில் ஓடியவைதான். நடுவில் கேமரா சாலையின் மறுபக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். தியேட்டரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு வண்டியும் நேருக்கு நேர் மோதப்போகிறது என்றே நினைப்பார்.

வண்டி ஓடும் பாதையைத்தான் சினிமாக்காரர்கள் ஆக்ஸிஸ், அல்லது 180 டிகிரி கோடு என்கிறார்கள். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்கும்வரை திரையில் திசை மாறாது. கேட்கச் சுலபம். நம்மூர்ச் சாலையில் ஸ்டோரிபோர்டு வரைய உட்காரும்போதுதான் சிக்கல் புரியும்.

நாம் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறோம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. கேமராவை வைக்க வசதியான இடம் வண்டிக்குப் பக்கத்து நடைபாதை. அங்கிருந்து எடுத்தால் ஜீப் வலமிருந்து இடமாக ஓடும். இன்ஸ்பெக்டரே ஓட்டுகிறார் என்றால், அவர் முகத்துக்கு க்ளோஸப் எடுக்க வசதியான இடம் அவர் பக்கத்து ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் அவர் முகம் திரையின் வலப்புறம் திரும்பியிருக்கும். வெளியே இடப்பக்கம் ஓடும் ஜீப்புக்குள் வலப்பக்கம் பார்த்து ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார்! வசதியைப் பார்த்து இரண்டு ஷாட்டையும் எடுத்தால், தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

அதனால் காட்சியை வரைவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் மேலிருந்து பார்ப்பதுபோல் சாலையை வரைந்துகொள்வது நல்லது. அதில் பைக்கின் பாதையை ஒரு கோடாக இழுத்து, கேமரா நிற்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். துரத்தல் இடமிருந்து வலம் என்று முடிவானால், கேமரா எப்போதும் வண்டியின் வலக்கைப் பக்கம். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும். டிரைவர் ஜன்னல் க்ளோஸப் தானாகப் பொருந்தும். நடைபாதைக் கேமராதான் சென்டர் மீடியனுக்கு இடம் மாற வேண்டும். மீடியன் இல்லாத சாலை என்றால் எதிர்ப்புற நடைபாதைக்குப் போய், குறுக்கே வரும் வண்டிகளை நிறுத்த ஆள் போட வேண்டும். இந்தச் செலவை ஷூட்டிங் நாளில் அல்ல, தாளிலேயே பார்த்துவிடலாம்.

பைக் இடப்பக்கம் ஒரு சந்தில் திரும்பினால் கோடும் கூடவே திரும்பும். சந்திலும் வலக்கைப் பக்கம் கேமரா நிற்க இடமிருந்தால் பிரச்சினை இல்லை. அங்கே ஒரே சுவராக இருந்து, இடக்கைப் பக்கத்தில்தான் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது திரையில் திசையை மாற்றியே ஆக வேண்டும். அந்த மாற்றத்தைப் பார்ப்பவர் கண்ணால் காண வேண்டும். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், பைக்கின் முதுகைப் பார்த்தபடி கேமராவை வைக்கிறோம். பைக் நம்மைவிட்டு விலகி ஓடி, திரும்பி, திரையின் இடப்புறம் வெளியேறுகிறது. அதன்பின் வலமிருந்து இடமாக ஓடினால் யாரும் குழம்பமாட்டார்கள். அதே திருப்பத்தை எதிர்முனையிலிருந்து எடுத்தால் பைக் வலப்புறம் வெளியேறிவிடும், காரியம் கெட்டுவிடும்.

பலரும் மறப்பது ஜீப்பை. பைக்குத் திருப்பம் காட்டிவிட்டு, ஜீப்பை நேரே சந்துக்குள் வைத்து வெட்டிவிடுவார்கள். ஜீப்பைக் கடைசியாகப் பார்த்தபோது அது வலப்புறம் போய்க்கொண்டிருந்தது. அதுவும் அதே கேமராவின் முன் அதே மாதிரி திரும்பியாக வேண்டும். ஸ்டோரிபோர்டில் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் ஒரு அம்புக்குறி போட்டு, படங்களை மறைத்துவிட்டு அம்புகளை மட்டும் வரிசையாகப் பார்த்தால் இந்த ஓட்டை உடனே தெரியும். துரத்தல் காட்சியை யாரும் வரிசைப்படி எடுப்பதில்லை. ஜீப் ஷாட்களை வேறொரு நாளில் வேறொரு குழு எடுக்கும்போது அவர்கள் கையில் இருப்பது அந்த அம்புக்குறிகள்தான்.

மீறியவர்கள் இல்லையா? ஜான் ஃபோர்டு 1939-இல் எடுத்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தின் துரத்தலில் வண்டியும் குதிரைகளும் இருபுறமும் ஓடுகின்றன. அது வெட்டவெளி, நான்கு சக்கர வண்டியை விரட்டுபவர்கள் குதிரையில். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதில் சந்தேகமே வராது என்பதால் அங்கே அது தப்பிக்கிறது என்பது என் கணிப்பு. ஒரே நிறத்தில் இரண்டு கார்கள் ஊருக்குள் ஓடும் காட்சியில் இந்தச் சலுகை கிடைக்காது.

தவறாக எடுத்துவிட்ட ஷாட்டை எடிட்டிங்கில் கண்ணாடி பிம்பம்போல் புரட்டிப்போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புரட்டலாம். ஜீப் சரியான பக்கம் ஓடும். கூடவே நம்பர் பிளேட் தலைகீழ் எழுத்தாகும், கடைப் பலகைகள் வாசிக்க முடியாமல் போகும், இன்ஸ்பெக்டர் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார்.