போனவர் யார், வந்தவர் யார்? இரண்டு வாக்காளர் பட்டியல்களை ஒப்பிடும் கணக்கு

பிகாரில் 2025 ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் 7.24 கோடிப் பெயர்கள் இருந்தன. செப்டம்பர் 30 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 7.42 கோடி. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், இரண்டு மாதத்தில் 18 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். தேர்தல் ஆணையமே வெளியிட்ட விவரம் வேறு: புதிதாகச் சேர்ந்தவை 21.53 லட்சம் பெயர்கள், நீக்கப்பட்டவை 3.66 லட்சம். மொத்தம் கூடியது என்ற செய்திக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நீக்கங்கள் மறைந்துகிடந்தன. இரண்டு பட்டியல்களுக்கு நடுவே என்ன நடந்தது என்பதை மொத்த எண்களின் வித்தியாசம் ஒருபோதும் சொல்லாது. முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர் யார், இரண்டாவதில் இருந்து முதலில் இல்லாதவர் யார் என்று இரு பக்கமும் தனித்தனியே எடுக்க வேண்டும். எடுத்தபின் இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் படிக்கவும் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர், ஆளும் தரப்போ எதிர்த் தரப்போ, பெரும்பாலும் தவறான எண்ணைத்தான் பேசுகிறார்.

வழக்கமான ஆண்டுத் திருத்தத்தில் இந்த வேலை பாதி முடிந்தே நம் கைக்கு வரும். பட்டியலின் இறுதியில் இணைக்கப்படும் துணைப்பட்டியலில் சேர்த்தல், நீக்கல், திருத்தல் என மூன்றும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். சிறப்புத் தீவிரத் திருத்தம் அப்படியல்ல. அதில் கணக்கெடுப்புப் படிவம் திரும்பி வந்தவர்களின் பெயர்களைக் கொண்டு வரைவுப் பட்டியலே புதிதாக எழுதப்படுகிறது. வராதவர் பெயர் சத்தமில்லாமல் இல்லாமல் போகிறது. 2025 ஜூனில் பிகாரில் இருந்த 7.89 கோடி, வரைவில் 7.24 கோடியானது இவ்வாறுதான். ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்கள் சுமார் 22 லட்சம், நிரந்தரமாக இடம் மாறியவர்களும் காணப்படாதவர்களுமாகச் சுமார் 36 லட்சம், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானவர்கள் சுமார் 7 லட்சம் என்று ஆணையம் வகைப்படுத்தியது. விடுபட்டவர்களுக்குத் தனிப்பட்டியல் தர விதிகள் தன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது நீதிமன்றத்தில் அதன் நிலைப்பாடு. ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம், அந்த 65 லட்சம் பேரின் பட்டியலையும் விடுபட்ட காரணத்தோடு வெளியிடச் சொன்னது. வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேடும் வசதியும் இருக்க வேண்டும் என்றது.

அட்டை எண்ணைக் கேட்டது முக்கியமான நுணுக்கம். பட்டியல்களை ஒப்பிட ஒரு கொக்கி வேண்டும். பெயர் நல்ல கொக்கி அல்ல. ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு முருகன்கள் இருப்பது சாதாரணம். மூத்த முருகன் இறந்து, பதினெட்டு வயதான இன்னொரு முருகன் சேர்ந்தால், பெயரை வைத்து ஒப்பிடுபவருக்கு யாரும் போகவுமில்லை, யாரும் வரவுமில்லை. மறுபுறம், முத்துலட்சுமி என்று இருந்தவர் முத்துலெட்சுமி என்று திருத்தப்பட்டால், ஒருவர் போய் இன்னொருவர் வந்ததாகத் தெரியும். மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அட்டை எண்ணுக்கு இந்தக் குழப்பம் குறைவு. இரண்டு பட்டியல்களின் அட்டை எண்களையும் வரிக்கு ஒன்றாக இரு கோப்புகளில் வைத்துக்கொண்டால், லினக்ஸ் கணினியில் இரண்டு வரிகள் போதும்:

```
comm -23 <(sort -u old.txt) <(sort -u new.txt)
comm -13 <(sort -u old.txt) <(sort -u new.txt)
```

முதல் வரி பழையதில் மட்டும் உள்ளவற்றைத் தரும். இரண்டாவது புதியதில் மட்டும் உள்ளவற்றை. எக்செல் பழகியவர்கள் பழைய எண்களை A நிரலிலும் புதியவற்றை B நிரலிலும் இட்டு, `=COUNTIF(B:B,A2)` என்று எழுதிக் கீழே இழுத்தால், 0 வரும் வரிகளெல்லாம் விடுபட்டவை. `=COUNTIF(A:A,B2)` மறுபக்கத்தைக் காட்டும். பலர் முதல் சூத்திரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கற்பனையாக ஒரு வாக்குச்சாவடியை எடுத்துக்கொள்வோம். பழைய பட்டியலில் 1,040 பேர், புதியதில் 968. மொத்தத்தில் 72 குறைவு. அட்டை எண்ணைக் கொண்டு ஒப்பிட்டால், பழையதில் மட்டும் இருப்பவர் 118, புதியதில் மட்டும் இருப்பவர் 46. முதலில் செய்ய வேண்டியது சரிபார்ப்பு: 1,040 இல் 118 ஐக் கழித்து 46 ஐக் கூட்டினால் 968 வர வேண்டும், வருகிறது. வராவிட்டால் ஏதோ ஒரு பட்டியலில் ஒரே எண் இருமுறை இருக்கிறது, அல்லது ஒரு பக்கம் படியெடுக்காமல் விடுபட்டிருக்கிறது. அதைத் தீர்க்காமல் மேலே போகக் கூடாது. (`sort -u` இரட்டைப் பதிவுகளை ஓசையின்றி ஒன்றாக்கிவிடும், எனவே அதற்கு முன்பே வரிகளை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.) சரிபார்ப்பு தேறிவிட்டது என்பதற்காக 118 பேர் நீக்கப்பட்டார்கள் என்று எழுதிவிடவும் முடியாது. இப்போது அந்த 118 பேரையும் 46 பேரையும் எதிரெதிரே வைத்து, வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், வயது ஆகிய மூன்றும் பொருந்துகிறவர்களைத் தேட வேண்டும். வயது ஒன்றிரண்டு கூடியிருக்கலாம். அப்படி 19 இணைகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த 19 பேர் எங்கும் போகவில்லை; அவர்களுடைய எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். திருத்தத்துக்கான படிவம் 8 க்குப் பதிலாகப் புதிய பதிவுக்கான படிவம் 6 ஐக் கொடுத்தவருக்கு வேறு எண் வந்திருக்கலாம். சாய்கோடுகளோடு நீண்டிருந்த பழைய வகை எண்ணுக்குப் பதில் பத்து எழுத்து எண் வந்திருக்கலாம். அவர்களை எடுத்துவிட்டால் உண்மையான நீக்கம் 99, உண்மையான சேர்ப்பு 27. கணக்கு இப்போதும் நேராகிறது: 1,040 இல் 99 போய் 27 வந்தால் அதே 968.

இந்த இணைப் பொருத்தம் ஒரு பக்கப் பட்டியலை வைத்து முடியவே முடியாது. பட்டியலைப் படியெடுப்பதில் வரும் பிழையும் இங்கேதான் பிடிபடும். வாக்காளர் பட்டியல்கள் பெரும்பாலும் படமாகவே கிடைக்கின்றன. கணினி அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக்கும்போது 0 ஐ O என்றும், 8 ஐ B என்றும் எடுத்துக்கொள்ளும். இரண்டு பட்டியலிலும் இருப்பவரின் எண்ணில், ஒரு பட்டியலில் மட்டும் அப்படி ஒரு எழுத்துப் பிழை நேர்ந்தால், அது விடுபட்டவர் பக்கம் ஒன்றையும் புதியவர் பக்கம் ஒன்றையும் கட்டாயம் உண்டாக்கும். ஆகவே இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வீங்கியிருந்தால், ஆட்களைச் சந்தேகிக்கும் முன் படியெடுத்த கோப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு கண்ணி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு வெவ்வேறு. யுனிகோடின் NFC முறையில் இரண்டு கோப்புகளையும் முதலில் சீராக்கினால் இது தீரும். ஔகாரக் குறியின் வால் பகுதிக்குப் பதில் ‘ள’ வைத் தட்டிய ‘சௌந்தரம்’ அதிலும் தீராது. அதைக் கண்டறிந்து தனியே மாற்றத்தான் வேண்டும்.

ஒப்பிடும் எல்லையும் சரியாக இருக்க வேண்டும். சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர் என்பது 1,200 ஆகக் குறைக்கப்பட்டதால், சாவடிகள் உடைந்து பாக எண்கள் மாறின. பழைய 45 ஆம் பாகத்தைப் புதிய 45 ஆம் பாகத்தோடு ஒப்பிடுபவருக்கு ஒரு தெருவே காணாமல் போனதாகத் தோன்றும். அந்தத் தெரு 46 இல் நிம்மதியாக இருக்கும். எனவே ஒப்பீட்டைத் தொகுதி முழுவதற்கும் செய்து, முடிவை மட்டும் பாகவாரியாகப் பிரிப்பதே முறை.

பட்டியல்கள் மூன்றானால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. பிகாரில் நடந்தது அதுதான். ஜூன் பட்டியல், வரைவு, இறுதி. 7.89 கோடியில் 65 லட்சமும் 3.66 லட்சமும் போய் 21.53 லட்சம் வந்தால் 7.42 கோடி; மொத்தக் கணக்கு பிசகவில்லை. ஆனால் அந்த 21.53 லட்சம் பேர் யார்? பதினெட்டு வயதானவர்களா, வரைவில் விடுபட்டுத் திரும்பி வந்தவர்களா? திரும்பி வந்தவர், ஜூனையும் வரைவையும் ஒப்பிட்டால் நீக்கம். வரைவையும் இறுதியையும் ஒப்பிட்டால் சேர்ப்பு. ஜூனையும் இறுதியையும் ஒப்பிட்டால் எதிலுமே வரமாட்டார். அக்டோபரில் உச்ச நீதிமன்ற அமர்வு இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. பெரும்பாலானோர் புதியவர்கள் என்று ஆணையம் பதிலளித்தது. ஜூன் பட்டியலையும் இறுதிப் பட்டியலையும் நேரடியாக இரு திசையிலும் ஒப்பிட்டு வெளியிட்டிருந்தால், கேள்வி கேட்கவே தேவை இருந்திருக்காது.

ஒவ்வொருவரும் தம் பெயரை இணையத்தில் தேடிக்கொள்ளலாமே, தனிப்பட்டியல் எதற்கு என்பார்கள். தேட வேண்டும் என்று தோன்றியவர்தான் தேடுவார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாவடிக்குப் போகிறவருக்குப் பெயர் விடுபட்டது வாக்களிக்கும் நாளில்தான் தெரியவரும். ஒரே வீட்டில் ஏழு பேர் ‘இடம் மாறியவர்’ என்று போயிருப்பதோ, ஒரு சாவடியில் பெண்கள் மட்டும் அதிகமாகக் குறைந்திருப்பதோ தனித்தனித் தேடலில் கண்ணில் படாது. அந்தரங்கம் பற்றிய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது: கோடிக்கணக்கானோரின் விவரம் கணினி படிக்கும் வடிவில் கிடைத்தால் விளம்பரக்காரருக்கும் மோசடிக்காரருக்கும் அது புதையல். தேடக்கூடிய வடிவில் பட்டியல் கேட்ட வழக்கை 2018 இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேண்டுமென்றால் கேட்பவரே உழைத்து மாற்றிக்கொள்ளட்டும் என்றது. ஆனால் அட்டை எண், பாக எண், காரணம் மட்டும் கொண்ட வேறுபாட்டுப் பட்டியலில் வயதும் வீட்டு எண்ணும் தேவையில்லை. முழுப் பட்டியலைவிட அது பாதுகாப்பானது.

வேறுபாடு என்பதாலேயே அது முறைகேடு ஆகாது என்ற மறுப்பை முழுமையாக ஏற்க வேண்டும். இறந்தவர் பெயர் போவதே சரி. விடுபட்டோர் பட்டியல் கேட்கப்பட வேண்டிய கேள்விகளின் தொகுப்பு, அதற்கு மேல் இல்லை. அதே சமயம், இறந்தவர்கள் எனக் குறிக்கப்பட்டதாகச் சொல்லி இருவரை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலேயே மனுதாரர் தரப்பு நிறுத்தியது. காரணம் எழுதப்பட்டிருப்பதும் காரணம் மெய்யாக இருப்பதும் ஒன்றல்ல. வீட்டுக் கதவைத் தட்டினால்தான் அது தெரியும்.

தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவிலும் இதே திருத்தத்தால் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. உங்கள் பாகத்தை ஒப்பிடுவதாக இருந்தால், இரு பக்கப் பட்டியலையும் எடுத்து, இணைகளை நீக்கி, மிஞ்சிய பெயர்களோடு முதலில் ‘இடம் மாறியவர்’, ‘காணப்படாதவர்’ என்று குறிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போங்கள். அங்கேயே குடியிருப்பவருக்குப் படிவம் 6. புதிய பக்கத்தில் தகுதியில்லாத பெயரைக் கண்டால் படிவம் 7. இணையாகப் பொருந்தி விவரம் மட்டும் பிழையாக இருப்பவருக்குப் படிவம் 8. மூன்றையும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம்.